எழுபத்தி மூணுல அம்பத்தஞ்சு போக

அந்த எடை மெஷினைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது பாவம், ஏறினவர்களின் எடையை ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்திருந்த இடம்தான் எனக்குப் பிடிக்காது. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், பில் கவுண்டருக்குப் பக்கத்தில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளுக்கு நேர் எதிரே அது நின்றது. ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி, அதன் உச்சியில் சிவப்பு வெளிச்சத்தில் பெரிது பெரிதாக நம்பர். ஊசிக்கு வந்தவன், காத்திருக்கிறவன், மாத்திரை வாங்க வந்தவன் எல்லாரும் ஏறுகிறவர்களின் எடையை வாய்விட்டுப் படிப்பார்கள். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் கம்பியில் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. துடைக்க ஒரு ஆளுக்குக் கை வராது. மேடையில் எத்தனையோ பிள்ளைகளின் வாந்தி காய்ந்த தடம். இதை உள்ளே ஒரு அறையில் வையுங்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர், "இடம் எங்கம்மா இருக்கு?" என்பார். அவருடைய அறையில் சோபா போட இடம் இருந்தது.

நான் குழந்தைகள் டாக்டர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் பிடித்து ராஜபாளையம் வந்து இறங்கும்போதே பாதிக் கோபம் ஏறியிருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் மீதி ஏறிவிடும். இப்படியே உடம்பைக் கெடுத்துக்கிறியே என்று வீட்டில் திட்டுவார்கள். என்ன செய்ய, என் சுபாவம் அப்படி.

இந்தக் கதைக்கு ஒரு கணக்கு வேண்டும். சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாயால் குடிக்க முடியாத பிள்ளைக்கு நரம்பு வழியாகத் தண்ணீர், உப்பு, சர்க்கரை போகவேண்டும். மணிக்கு எத்தனை மில்லி என்பதைப் பிள்ளையின் எடை சொல்லும். முதல் பத்துக் கிலோவுக்கு, கிலோவுக்கு நாலு மில்லி. அடுத்த பத்துக் கிலோவுக்கு, கிலோவுக்கு ரெண்டு. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்று. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு முப்பத்திரண்டு மில்லி. இருபத்து நாலு கிலோப் பிள்ளைக்கு நாற்பதும் இருபதும் நாலும், ஆக அறுபத்து நாலு. சின்ன உடம்பு கிலோவுக்குக் கூடுதலாக எரிக்கும், கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். உடம்பு பெருகப் பெருக அந்த வேகம் குறையும். அதனால்தான் இந்தப் படி. நாலு, ரெண்டு, ஒண்ணு. பால்வாடிப் பிள்ளைகூடப் பாட்டாகப் பாடிவிடும்.

ஆனால் எங்கள் வார்டில் இந்த மூன்று எண்ணில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அங்கே வருகிறதில் முக்கால்வாசி கைக்குழந்தைகள். பத்துக் கிலோவைத் தாண்டாத உடம்புகள். அவற்றுக்கு எடையை நாலால் பெருக்கினால் போதும், கணக்கு சரியாக வந்துவிடும். அப்படிப் பெருக்கிப் பெருக்கி, டிரிப் போடுவதற்கே 'நாலு போடுறது' என்று பெயர் வந்துவிட்டது. "ஆறாம் பெட்டுக்கு நாலு போட்டாச்சா?" "நாலு போட்டு ஓடுது மேடம்." இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் கத்துவேன். "நாலு மட்டும்தான் தெரியுமா? ரெண்டு எங்க போச்சு, ஒண்ணு எங்க போச்சு, வித்துத் தின்னுட்டீங்களா?" எல்லாரும் சிரிப்பார்கள். மேடத்துக்கு இன்னைக்கு மூடு சரியில்லை என்பார்கள். மறுநாள் மறுபடி நாலு.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பருவத்தில், கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மூணு வயசு நடக்கிறது என்றார்கள். காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல், கொடுத்ததெல்லாம் வாந்தி. நெஞ்சுச் சளி நிமோனியாவாக இறங்கியிருந்தது. நான் வீட்டுக்குப் போன பிறகு வந்த பிள்ளை அது. பெரிய டாக்டர் பெயரில் சேர்த்து, டியூட்டி டாக்டர் பையன் ஊசி மருந்தும் டிரிப்பும் ஆரம்பித்துவிட்டான். என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் காலை ரவுண்டில்தான் அந்தப் பிள்ளையை நான் முதலில் பார்த்தேன்.

இமை இரண்டும் வீங்கியிருந்தன. நான் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி எங்கோ பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அம்மா கட்டிலோரம் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், பூசினாற்போல் உடம்பு, தூங்காத கண். "நல்லாத் தூங்குறா டாக்டரம்மா. நேத்து பூரா அனத்திக்கிட்டே இருந்தா. குளுக்கோஸ் ஏறவும்தான் அசந்துட்டா" என்றாள். எனக்கு அது தூக்கமாகத் தெரியவில்லை.

டிரிப்பைப் பார்த்தேன். சொட்டு சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. சின்ன சொட்டு விழும் குழாய் அது. அறுபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஆகவே நிமிஷத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மில்லி. "எம்புட்டு ஓடுது?" என்றேன்.

"எழுபத்திரண்டு மேடம்" என்றாள் நர்ஸ். அவளும் சின்னப் பெண், எங்கள் ஊர்க்காரிதான்.

"எழுபத்திரண்டா? இந்தப் பிள்ளைக்கா? வெயிட் என்ன?"

"பதினெட்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையின் கை இழுத்தது. அப்புறம் வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு உடம்பு முழுக்க வெட்டத் தொடங்கியது. அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டிரிப்பை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளையை இரண்டு கையாலும் அள்ளி, ஆக்சிஜன் இருக்கும் மேஜைக்கு ஓடினேன்.

அள்ளினபோதே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைத் தூக்குகிற கை இது. பதினெட்டுக் கிலோ என்பது அஞ்சு வயசைத் தொடும் பிள்ளையின் எடை. என் கையில் இருந்தது அதில் வராது. பன்னிரண்டு, மிஞ்சினால் பதிமூன்று. மூணு வயசுகூட முடியாத, சளியில் இளைத்த பிள்ளையை ஒருத்தன் கண்ணால் பார்த்து, ஸ்டெத் வைத்து, பதினெட்டு என்று எழுதியிருக்கிறான். எழுதும்போது அவன் கண் எங்கே இருந்தது? கட்டிலில் பிள்ளை கிடக்கிறது, காகிதத்தில் ஒரு நம்பர் கிடக்கிறது. இரண்டையும் ஒருதரம் சேர்த்துப் பார்க்க இவர்களுக்கு என்ன கொள்ளை? சீ என்று வந்தது எனக்கு.

சீ சொல்ல நேரம் இல்லை. இப்போது கொடுக்கவேண்டிய மருந்துக்கும் எடைதான் வேண்டும். பதினெட்டு என்று நம்பிக் கொடுத்தால் இன்னொரு தப்பு. "பன்னெண்டுன்னு வச்சுக்கோங்க, எல்லாத்தையும் பன்னெண்டுக்குப் போடுங்க" என்று கத்தினேன். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. உப்புக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு ஓடவிட்டேன். தொங்கிக்கொண்டிருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், உப்பு குறைந்த அந்தப் பழைய வகை. எனக்கு விளங்கிவிட்டது. நிமோனியா வந்த பிள்ளையின் உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப்படி வருகிறதிலும் குறைத்துத்தான் ஓட்டுவோம். இங்கே குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறார்கள். அதுவும் உப்புக் குறைந்த தண்ணீராக. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மூளை ஊறி வீங்கும். அப்போதுதான் இப்படி வெட்டும்.

உப்புச் செறிந்த பாட்டில் ஒன்றை எடுத்து, கிலோவுக்கு ரெண்டு மில்லி கணக்கில் ஊசியில் உறிஞ்சி வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து போன். நூத்தி முப்பத்தஞ்சுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய உப்பு நூத்தி இருபத்தொண்ணில் கிடந்தது. மெதுவாக ஏற்றினேன். வெட்டு நிற்கவில்லை. இன்னொரு தரம் ஏற்றினேன். கையில் துடிப்பு தளர்ந்தது, கால் தளர்ந்தது, பிறகு பிள்ளை துணி மாதிரிக் கிடந்தது. மூச்சு இருந்தது. முழித்துப் பேசுமா, அம்மாவை அம்மா என்று சொல்லுமா என்பது எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகுதான் நர்ஸைப் பிடித்தேன். "ஏட்டி, யாரு எடை பாத்தது?"

"நான்தான் மேடம். பிள்ளை மெஷின்ல நிக்கல மேடம், அழுதுச்சு. அம்மாவையே தூக்கிட்டு ஏறச் சொன்னேன். எழுபத்தி மூணு காட்டுச்சு. பொறவு அம்மா மட்டும் ஏறணும்ல, ஏற மாட்டேன்னுட்டாங்க. என் வெயிட் அம்பத்தஞ்சுன்னாங்க. கழிச்சு எழுதிட்டேன்."

எழுபத்தி மூணுல அம்பத்தஞ்சு போக பதினெட்டு. கழித்தல் தப்பில்லாமல் கழித்திருக்கிறாள், மகராசி.

"ஏன் ஏற மாட்டேன்னாக?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "அங்க எல்லாரும் சிரிச்சாங்க மேடம்."

டியூட்டி டாக்டர் வந்து நின்றான். பாவம் போல முகத்தை வைத்திருந்தான். "தம்பி, பதினெட்டுன்னே வச்சுக்குவோம். பதினெட்டுக் கிலோவுக்கு எம்புட்டு வரும்? சொல்லு" என்றேன்.

"எழுபத்திரண்டு மேடம். நாலால..."

"முதல் பத்துக்குத்தானே நாலு! மிச்சம் எட்டுக்கு?"

அவன் கூரையைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்டெத்தை மேஜையில் விட்டெறிந்தேன். "மிச்சம் எட்டுக்கு ரெண்டு. நாப்பதும் பதினாறும் அம்பத்தாறு. பிள்ளையோட நெசமான எடைக்கு நாப்பத்தி நாலு. இந்த நோவுக்கு அதுலயும் மூணுல ரெண்டு பங்கு, முப்பதுக்குள்ள. நீ எழுபத்திரண்டு ஓட்டியிருக்க, ரெண்டு மடங்குக்கு மேல. நாலு போடு, நாலு போடுன்னு பேசிப் பேசி வாய்க்கு வந்தது மூளைக்கும் வந்துருச்சா?" அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தப்புச் செய்த பிறகு வருகிற கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். சோபாவில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "பிட்ஸ் நின்னுருச்சுல்லம்மா? அப்புறம் ஏன் சத்தம்? கீழ வரைக்கும் கேக்குது" என்றார்.

"பிள்ளை இன்னும் கண்ணு முழிக்கல சார்."

"முழிச்சுரும். நீங்க இருக்கீங்கள்ல." சிரித்தார். "கேஸ் ஷீட்ல ஒரு வரி எழுதிருங்க. தாயார் தவறான எடையைக் கூறியதால்னு. அதான் நடந்தது. நாம ஒண்ணும் பொய் எழுதல பாருங்க."

அருவருப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். ஏசி ஓடுகிற அறையில் எனக்கு வியர்த்தது. "அவ சொன்னது நெசமா இருந்தாலும் உங்க ஆள் போட்டது தப்புக் கணக்கு சார். பாட்டிலும் தப்பு. அதையும் சேர்த்தே எழுதுறேன், என் கையெழுத்துப் போட்டு" என்றேன்.

"அப்படியெல்லாம் எழுதினா ஆஸ்பத்திரி பேரு என்னம்மா ஆகும்?"

"பிள்ளை என்ன ஆகும்னு நீங்க இன்னும் கேக்கலியே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் அப்புறம் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பெரிய நிம்மதி அது.

அன்று நான் ஊருக்குப் போகவில்லை. உப்பை அவசரப்பட்டு ஏற்றவும் கூடாது, அதுவும் மூளைக்கு ஆகாது. சரியான உப்புள்ள பாட்டிலைச் சர்க்கரையோடு சேர்த்து, முப்பதுக்குள் நானே திருகி வைத்தேன். அம்மா பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வார்டு கொஞ்சம் அடங்கினதும் மெதுவாகக் கேட்டேன். "உன் எடை நெசமா எம்புட்டும்மா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். புருஷன் கீழே டீ குடிக்கப் போயிருந்தான். "அறுபத்தொண்ணு இருப்பேன் டாக்டரம்மா" என்றாள், திருடினதை ஒப்புக்கொள்வது போல.

"பொறவு ஏன் அம்பத்தஞ்சுன்ன?"

"எங்கப்பா கல்யாணத்துக்குச் சொன்ன எடை அதான். மாப்பிள்ளை வீட்ல பொண்ணு எம்புட்டு எடைன்னெல்லாம் கேட்டாக. அப்ப அம்பத்தஞ்சுதான் இருந்தேன். இவ பெறந்த பொறவு எடை போட்டுட்டேன்." பிறகு சொல்லத் தொடங்கினாள். புருஷன் மாங்காய் மண்டியில் எடை போடுகிறவன். கூடையைப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவானாம், மண்டியில் அது ஒரு பெருமை. வீட்டில் அவள் நடந்துபோனால் போதும், "ஏ, சிப்பம் வருது, வழி விடுங்க" என்பான். சிப்பம் என்றால் அரிசி மூட்டை. அவளுக்குப் பெயரே அதுதான். சொந்தக்காரர்கள் முன்னால், கடையில், பஸ்ஸில், எங்கேயும். அன்றைக்குப் பிள்ளையோடு மெஷினில் ஏறி எழுபத்து மூன்று என்று சிவப்பில் எரிந்ததும், "ஆத்தாடி, மெஷின் தாங்குமா!" என்று உரக்கச் சொன்னான். நாற்காலி வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்து அவள் மட்டும் ஏறவேண்டும்.

"அம்புட்டு ஆம்பளைக முன்னாடி அந்த நம்பர் எரியுமே டாக்டரம்மா. என்னால முடியல. வாய்ல வந்ததச் சொல்லிட்டேன். அதக் கழிச்சுத்தான் பிள்ளை எடை பாப்பாகன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." பாதத்தை விடாமலே என்னைப் பார்த்தாள். "நான் சொன்னதாலயா இவளுக்கு இப்பிடி ஆச்சு?"

பெரிய டாக்டரின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. அந்த வரியை இவள் ஆயுசு முழுக்கச் சுமந்திருப்பாள். "ஏம்மா, நீ பொய் சொல்லுவ, உங்கப்பா பொய் சொல்லுவாரு, எடை கேட்டா ஊரே பொய் சொல்லும். அதுக்குத்தான் மெஷின் வாங்கி வச்சிருக்கு. ஏத்திப் பாக்காம வாயால கேட்டது எங்க தப்பு. கணக்கு போட்டதும் எங்க தப்பு. உன் தப்பு இல்ல, கேட்டியா?" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

புருஷன் ஏறி வந்தான். நல்ல உடம்பு, மடித்துக் கட்டின வேட்டி, வாயில் பாக்கு. பிள்ளையைப் பார்த்ததும் அவன் கண்ணும் கலங்கத்தான் செய்தது, அதை நான் மறைக்கவில்லை. "பேசுவாளா டாக்டரம்மா? நல்லா வாயாடுவா எங்க பிள்ளை. சொன்னதச் சொல்லுவா, எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுவா" என்றான். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. பொண்டாட்டி எடை அவனுக்கு எதற்கு?

மறுநாளும் பிள்ளை முழித்து முழித்துப் பார்த்ததே தவிர ஒரு சொல் வரவில்லை. உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்தது, மூச்சு வாங்கல் குறைந்தது, காய்ச்சல் விட்டது. ஆனால் பேச்சு இல்லை. அம்மா அதன் காதில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். காக்கா, பூனை, அய்யனார் கோயில் அருவியில் குளித்தது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி. நான் ரவுண்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வாய் அசையுதா என்றே பார்த்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் நான் ஊசியைச் சரிபார்க்கக் கையைத் தொட்டதும், "தண்ணி" என்றது பிள்ளை. தண்ணி! கேட்டது பாருங்கள் ஒரு கேள்வி! நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். டிரிப்பை எடுத்துவிட்டு ஸ்பூனால் கொடுக்கச் சொன்னேன்.

பிள்ளை நன்றாக வீட்டுக்குப் போனது. நான் வார்டில் ஒரு சட்டம் போட்டேன். இனி எவனும் 'நாலு' என்று பேசக்கூடாது. கிலோவும் மில்லியும் சொல்லவேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினவர், இறங்கித் தனியாக ஏறியே ஆகவேண்டும், வாயால் கேட்டு எழுதினால் தொலைத்துவிடுவேன். மெஷினை மட்டும் என்னால் நகர்த்த முடியவில்லை. இடம் இல்லை என்றார் பெரிய டாக்டர்.

கொஞ்ச நாள் கழித்துப் பிள்ளையை மறுபடி காட்ட வந்தார்கள். புருஷனும் கூட வந்தான். நான் என் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இப்போதும் மெஷினில் நிற்காமல் துள்ளியது. "நீங்க தூக்கிட்டு ஏறுங்கம்மா" என்றாள் நர்ஸ். எழுபத்திரண்டு. "இப்ப நீங்க மட்டும்."

நாற்காலிகள் நிறைந்திருந்தன. அந்தப் பெண் ஒருதரம் வரிசையைப் பார்த்தாள். ஒருதரம் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். சிவப்பில் அறுபது எரிந்தது. அவள் தலை குனியவில்லை. "அறுபது. எழுதிக்கோங்க" என்று தானே படித்தாள். நர்ஸ் கழித்தாள். பன்னிரண்டு. எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது.

புருஷன் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அன்னைக்கே தெரியும் டாக்டரம்மா, இவ அம்பத்தஞ்சுன்னு சொன்னப்பவே. அஞ்சாறு கிலோ அமுக்கிட்டாளேன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். கண்ணால பாத்தே சொல்லிருவம்லா நாங்க!"

தெரியும். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேடிக்கையாக இருந்ததாம், அதனால் சொல்லவில்லையாம். தூ என்று துப்பவேண்டும் என்று என் வாயில் எச்சில் ஊறியது. எங்கே துப்ப? நான் அவனுக்கு என்ன சொல்வதென்று சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவன் இடுப்பில் இருந்த பிள்ளை அப்பா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தது. சதை போட்ட கன்னம், தெளிந்த கண், ஒரு குறையும் இல்லை. மெஷின் மேல் நின்ற அம்மாவை நோக்கிக் கையை நீட்டி, சுத்தமாக, திருத்தமாகச் சொன்னது.

"சிப்பம்."